வெள்ளிக்கிழமைக் கெடு சனிக்கிழமை இரவு முடியும் கணக்கு

கேள்வி: "மாநாடு ஒன்றுக்கு ஆய்வுக் கட்டுரை அனுப்ப வேண்டும். அவர்கள் பக்கத்தில் `30 January 2026, 23:59 AoE` என்று போட்டிருக்கிறது. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். வெள்ளி இரவே மூடிவிடுவார்களா? கூடப் படிக்கும் நண்பர் சனிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு என்கிறார், நம்பலாமா? கட்டுரையில் கூட்டு சேர்ந்திருப்பவர் சென்னையில் இருக்கிறார். அவருக்கு எந்த நேரத்தைச் சொல்வது?"

உங்கள் நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. சிங்கப்பூர்க் கடிகாரப்படி அந்தக் கெடு ஜனவரி 31, சனிக்கிழமை இரவு 7:59க்கு முடிகிறது. அப்போது சென்னையில் மாலை 5:29. "சனிக்கிழமை வரைக்கும்" என்ற பேச்சில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். அதைச் சனிக்கிழமை நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டால் நான்கு மணி நேரம் தவறிவிடும். அந்தச் சனிக்கிழமையில் உங்களுக்குக் கிடைப்பது எட்டு மணிக்கு ஒரு நிமிடம் முன்பு வரைதான்.

ஏஓஇ என்பதன் பொருள் "பூமியில் எங்கேயாவது". சொல்லின் ஓசையை வைத்துப் பலரும் இதை "நீங்கள் எங்கே இருந்தாலும் உங்கள் ஊர் நேரப்படி" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பூமியில் ஏதாவது ஓரிடத்தில் இன்னும் அந்தத் தேதி நடந்துகொண்டிருந்தால் உங்கள் கட்டுரை நேரத்துக்குள் வந்ததாகக் கொள்ளப்படும் என்பதே இதன் பொருள். ஆகவே எல்லாருக்கும் கெடு முடிவது ஒரே நொடியில்தான். ஊருக்கு ஒரு நேரம் கிடையாது. தேதி கடைசியாக மாறும் நேர மண்டலம் உலகப் பொது நேரமான யூடிசிக்கு 12 மணி நேரம் பின்தங்கியது, அதாவது `UTC-12`. அந்த மண்டலத்தில் இருக்கும் நிலம் பசிபிக் கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டிய பேக்கர், ஹவ்லண்ட் என்ற இரண்டு சிறு தீவுகள் மட்டுமே. இரண்டும் அமெரிக்காவுக்குச் சொந்தமானவை, இரண்டிலும் மக்கள் குடியிருப்பு இல்லை. மனிதர்கள் வாழும் இடங்களில் நாள் கடைசியாக முடிவது அமெரிக்க சமோவாவிலும் நியுவேயிலும், அவை `UTC-11`. ஏஓஇ அவற்றையும் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் தருகிறது. கம்பியில்லா வலைத் தரநிலைகளை வகுக்கும் ஐ-ட்ரிபிள்-ஈ 802.16 குழு தன் வாக்கெடுப்புகளுக்கு இந்த முறையைப் பயன்படுத்தியது. உலகம் முழுக்க உறுப்பினர்கள் இருக்கும் குழுவில் யாருடைய ஊர் நேரத்தை வைப்பது என்ற தகராறே எழாது என்பதுதான் இதன் வசதி. பிறகு இது கணினித் துறை மாநாடுகளிலும் பரவலாகிவிட்டது.

ஒரு தேதி பூமியில் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்று பார்த்தால் கணக்கு மனதில் நன்றாகப் பதியும். கிரிபாட்டியின் லைன் தீவுகள் யூடிசிக்கு 14 மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. உலகிலேயே முதலில் தேதி மாறுவது அங்கேதான். அங்கே ஜனவரி 30 பிறக்கும்போது சிங்கப்பூரில் 29ஆம் தேதி வியாழக்கிழமை மாலை 6 மணி. அதே ஜனவரி 30 பேக்கர் தீவில் முடியும்போது இங்கே 31ஆம் தேதி சனிக்கிழமை இரவு 8 மணி. ஆக, ஒரே தேதி பூமியின்மேல் மொத்தம் 50 மணி நேரம் நீடிக்கிறது. நம்முடைய வெள்ளிக்கிழமை என்பது அந்த 50 மணி நேரத்துக்குள் ஒரு 24 மணி நேரத் துண்டு. அதற்கு முன்னால் 6 மணி நேரம், பின்னால் 20 மணி நேரம். ஏஓஇ என்று எழுதிய கெடு அந்தப் பின்பக்கத்து 20 மணி நேரத்தையும் உங்களுக்குத் தருகிறது.

இனி, தாளும் கணிப்பொறியும் இல்லாமல் கணக்குப் போடும் வழி. இருபது மணி நேரத்தைக் கூட்டுவது தலைவலி என்பதால் இப்படிச் செய்யுங்கள்: ஏஓஇ நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் கழியுங்கள், பிறகு தேதியில் ஒரு நாள் கூட்டுங்கள். 23:59இல் நான்கைக் கழித்தால் 19:59, ஒரு நாள் கூட்டினால் சனிக்கிழமை 19:59. சில மாநாடுகள் மாலை 5 மணி ஏஓஇ என்று போடுவதுண்டு. 17இல் நான்கு போனால் 13, ஆக மறுநாள் பகல் 1 மணி. அதிகாலை 2 மணி ஏஓஇ என்று இருந்தால் நான்கைக் கழிக்கும்போது முந்தின நாள் இரவு 10 மணிக்குப் போய்விடுவீர்கள். ஒரு நாள் கூட்டினால் அதே தேதி இரவு 10 மணி. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு: இந்தக் கணக்கு ஆண்டு முழுவதும் மாறாது. 1982 ஜனவரி 1 முதல் நாம் யூடிசிக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். கோடை, குளிர் என்று கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் நம்மிடமும் இல்லை, ஏஓஇயிலும் இல்லை. நியூயார்க்கிலோ லண்டனிலோ இருப்பவருக்கு ஜூலை மாதத்துக் கணக்கு ஒன்று, ஜனவரி மாதத்துக் கணக்கு வேறொன்று.

கணிப்பொறியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டுமானால் லினக்ஸில் இந்த ஒரு வரி போதும்:

```
TZ=Asia/Singapore date -d '2026-01-30 23:59-1200'
```

விடையில் சனிக்கிழமை, ஜனவரி 31, 19:59 என்று வர வேண்டும். மேக் கணிப்பொறியோடு வரும் `date` கட்டளை `-d` என்பதை இந்தப் பொருளில் புரிந்துகொள்ளாது. ஆகவே இந்த வரி அங்கே உதவாது. "இப்போது ஏஓஇயில் மணி என்ன" என்று பார்க்கும் வரி இரண்டிலும் ஓடும்:

```
TZ=Etc/GMT+12 date
```

இங்கே கூட்டல் குறியைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். `UTC-12` என்பதற்கு நேர மண்டலப் பட்டியலில் இருக்கும் பெயர் `Etc/GMT+12`. போசிக்ஸ் என்ற கணினித் தரநிலையின் மரபில் கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பது கூட்டல், கிழக்கே இருப்பது கழித்தல்; நமக்குப் பழகிய குறிக்கு நேர் எதிர். இதைத் "திருத்துகிறேன்" என்று யாராவது `Etc/GMT-12` ஆக மாற்றினால் நியூசிலாந்துப் பக்கத்து நேரம் வந்துவிடும். இந்தப் பிழை சட்டென்று கண்ணில் படாது. இரண்டுக்கும் இடையே சரியாக 24 மணி நேரம் என்பதால் மணியும் நிமிடமும் ஒன்றாகவே தெரியும், தேதியில் மட்டும் ஒரு நாள் வித்தியாசம் இருக்கும். கெடு ஒரு நாள் முன்னதாக முடிகிறது என்று எண்ணிப் பதறுவீர்கள். சில சமயம் மாநாட்டுக்காரர்களே தங்கள் பக்கத்தில் `UTC+12` என்று தப்பாக அடித்திருப்பார்கள். அப்படி எங்காவது பார்த்தால் அது எழுத்துப் பிழைதான் என்று நீங்களாகத் தீர்மானித்துக்கொள்ள வேண்டாம். மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பதில் வரும்வரை முந்தின நாளையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சந்தேகம் வருவது வேறு இடத்தில். ஏஓஇயைத் தவறாக "நம் ஊர் நேரம்" என்று படித்தால் நட்டம் குறைவு. 20 மணி நேரம் முன்னதாக அனுப்பிவிட்டுச் சோர்ந்து தூங்குவீர்கள், அவ்வளவுதான். ஏஓஇ அல்லாத கெடுவை ஏஓஇ என்று படிப்பதுதான் ஆபத்து. மாநாடு என்றாலே ஏஓஇ என்று பழகிவிட்டவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அதே `30 January, 23:59` என்ற எழுத்துக்குப் பின்னால் `PST` என்று இருந்தால், அது அமெரிக்க மேற்குக் கரை நேரம். சிங்கப்பூரில் சனிக்கிழமை பிற்பகல் 3:59க்கே முடிந்துவிடும். `UTC` என்று இருந்தால் சனிக்கிழமை காலை 7:59. `CET` என்ற மத்திய ஐரோப்பிய நேரமாக இருந்தால் காலை 6:59. நீங்கள் சனிக்கிழமை காலை எழுந்து காப்பி போடுவதற்குள் கடைசி இரண்டு கெடுக்களும் போய்விட்டிருக்கும். தேதியும் மணியும் ஒன்று, பின்னால் ஒட்டியிருக்கும் மூன்று எழுத்துகள் மட்டும் வேறு. அதனால் கெடுவைக் குறித்துக்கொள்ளும்போது அந்த மூன்று எழுத்துகளையும் சேர்த்தே குறியுங்கள். நண்பர் வாட்ஸ்அப்பில் "30ஆம் தேதி இரவு 11:59" என்று மட்டும் அனுப்பினால் பாதிச் செய்திதான் வந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

மூன்று எழுத்துகளே இல்லாமல் "30ஆம் தேதி முடிவதற்குள்" என்று மட்டும் இருந்தால் அதை ஏஓஇ என்று ஊகிக்க உங்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் அலுவலகமோ பல்கலைக்கழகத் துறையோ அப்படிச் சொன்னால் சிங்கப்பூர் நாளைத்தான் சொல்கிறது. அதிலும் நள்ளிரவா, அலுவலகம் மூடும் நேரமா என்பது கேட்டால்தான் தெரியும். ஐரோப்பாவில் நடக்கும் பயிலரங்கு அப்படிச் சொன்னால் அங்கத்திய நாளாக இருக்கலாம், ஏஓஇயாகவும் இருக்கலாம். விடை கிடைக்காதபோது இந்த ஊகங்களில் எது முதலில் முடிகிறதோ அதை எடுத்துக்கொள்வதே என் வழக்கம்.

இன்னொரு குழப்பம் "நள்ளிரவு". `30 January, midnight AoE` என்றோ `12:00 AM AoE` என்றோ போட்டிருந்தால் அது 30ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? `12:00 AM` என்பதை எழுத்துப்படி படித்தால் தொடக்கம். அப்படியானால் சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை இரவு 8 மணியோடு முடிந்துவிடும். எழுதியவர் மனதில் இருந்தது பெரும்பாலும் அந்த நாளின் முடிவாக இருக்கும். அப்படியானால் சனிக்கிழமை இரவு 8 மணி. நடுவே முழுதாக ஒரு நாள். இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் ஒழுங்காக எழுதுபவர்கள் 23:59 என்று போடுகிறார்கள். உங்கள் மாநாட்டுக்காரர்களும் அப்படியே போட்டிருப்பதால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

உங்களுக்கு வரக்கூடிய குழப்பம் வேறு. கட்டுரையை ஏற்றும் தளத்தில் போய்ப் பார்த்தால் `January 31, 11:59 AM UTC` என்று இருக்கலாம். கெடுவை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று மகிழ வேண்டாம். ஜனவரி 30, 23:59 ஏஓஇ என்பதும் இதுவும் ஒரே நொடிதான். ஏஓஇ நேரத்தோடு 12 மணி நேரம் கூட்டி யூடிசியில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே. வேறு சில தளங்கள் கெடுவை "உங்கள் நேரத்தில்" காட்டும். அந்த "உங்கள் நேரம்" எது என்பதை உங்கள் மடிக்கணினியின் நேர மண்டல அமைப்பைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. ஊருக்குப் போய்வந்த பிறகு கணினி இன்னும் இந்திய நேரத்திலேயே இருந்தால் திரையில் 5:29 என்று தெரியும். அதைச் சிங்கப்பூர் நேரம் என்று எண்ணினால் இரண்டரை மணி நேரம் முன்னதாக முடிப்பீர்கள், கெடுதல் இல்லை. ஆனால் தோக்கியோவிலிருந்து வந்த கணினி அதையே 8:59 என்று காட்டும். அதை நம்பி 8:30க்குக் கட்டுரையை ஏற்றப் போனால் தளம் மூடியிருக்கும். எனவே திரையில் எந்த நேரம் தெரிந்தாலும், நான்கு கழித்து ஒரு நாள் கூட்டும் கணக்கோடு அது ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் கணினியின் மண்டலம் தவறா, கணக்கு தவறா, பக்கமும் தளமும் வேறு வேறு கெடுக்களைச் சொல்கின்றனவா என்று தேடுங்கள். அறிவிப்புப் பக்கமும் தளமும் முரண்பட்டால், உண்மையில் கதவை மூடுவது தளம்தான். அறிவிப்பில் இருப்பதைக் காட்டி வாதாடலாம், ஆனால் அது கெடு முடிந்த பிறகு நடக்கும் வாதம்.

சலுகை நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வாய்மொழியாகப் பரவும் செய்தி. `HotCRP` போன்ற தளங்களில் கெடு முடிந்த பிறகும் சில நிமிடங்கள் விட்டுக்கொடுக்கும் அமைப்பு இருக்கிறது. அதை வைப்பதும் விடுவதும், எவ்வளவு நேரம் என்பதும் அந்தந்த மாநாட்டை நடத்துபவர்கள் கையில். போன ஆண்டு பத்து நிமிடம் கிடைத்தது என்றால் இந்த ஆண்டும் கிடைக்கும் என்று பொருளில்லை. 23:59 என்றால் அந்த நிமிடத்தின் தொடக்கமா, 23:59:59ஆ என்ற கேள்விக்கும் இதே பதில். உங்கள் வரையில் 7:59 ஆனதும் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருவோம். முதலில், அந்தப் பக்கத்தில் இன்னொரு தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாநாடுகள் சுருக்கத்துக்குத் தனிக் கெடு வைத்து, முழுக் கட்டுரைக்குச் சில நாள் கழித்து இன்னொன்று வைக்கும். சுருக்கத்தைப் பதியாதவர் முழுக் கட்டுரையை ஏற்ற முடியாது. அப்படி ஒன்று இருந்தால் அதற்கும் இதே கணக்கைத் தனியே போடுங்கள். இரண்டும் ஏஓஇதானா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு கைப்பேசி நாள்காட்டியில் "ஜனவரி 31, சனி, இரவு 7:59" என்று சிங்கப்பூர் நேரத்திலேயே பதியுங்கள். 30 என்று பதிந்துவிட்டு மனதில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், தூக்கம் கெட்ட வாரத்தில் அந்த மனக்கணக்கு பிசகும். சென்னையில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பும்போது இரண்டு நேரத்தையும் எழுதுங்கள்: "சனிக்கிழமை உங்களுக்கு மாலை 5:29, எனக்கு இரவு 7:59." ஏஓஇ என்று மட்டும் எழுதினால் இருவரும் தனித்தனியே கணக்குப் போடுவீர்கள், ஒருவர் தவறாகப் போட வாய்ப்பிருக்கிறது.

அவரிடமிருந்து கடைசித் திருத்தங்கள் சனிக்கிழமை இந்திய நேரம் 2 மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்களுக்கு மாலை 4:30. திருத்தங்களைச் சேர்த்து, பக்க வரம்பைச் சரிபார்த்து, ஏற்றி முடிக்க மூன்றரை மணி நேரம் மிஞ்சும். மேற்பார்வையாளர் சிங்கப்பூரிலேயே இருந்தாலும் இந்தக் கூடுதல் 20 மணி நேரம் முழுக்க வார இறுதியில் விழுகிறது என்பதை மறக்க வேண்டாம். அவர் வெள்ளி மாலையோடு தன் வேலை முடிந்தது என்று இருப்பார். ஒப்புதலோ கையொப்பமோ தேவைப்பட்டால் அதை வெள்ளி அலுவல் நேரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

கட்டுரை முழுமையாகாவிட்டாலும் வெள்ளி இரவே ஒரு வடிவத்தைத் தளத்தில் ஏற்றிவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் கெடு முடியும்வரை புதிய வடிவத்தைப் போட்டுப் பழையதை மாற்றலாம். உங்கள் மாநாட்டில் அது முடியுமா என்று விதிகளைப் படித்து உறுதிசெய்யுங்கள். இதனால் இரண்டு நன்மை. கடைசி ஒரு மணி நேரத்தில் உலகம் முழுக்க எல்லாரும் ஒரே நொடியை நோக்கி ஓடுவார்கள். எல்லாருக்கும் ஒரே கெடு என்பதால் கூட்டமும் ஒரே நேரத்தில்தான் சேரும், தளம் மந்தமாகும். அப்போது உங்கள் பெயரில் ஏற்கனவே ஒரு கட்டுரை உள்ளே இருக்கும். இன்னொன்று, ஆசிரியர் பட்டியல், துறைத் தெரிவு, நலன் முரண் அறிவிப்பு என்று படிவம் கேட்கும் நிரப்பல்களை அவசரமில்லாமல் முடித்துவிடலாம். கடைசி நிமிடத்தில் சிவப்பு எழுத்தில் தளம் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

ஏற்றி முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. `HotCRP`யில் கட்டுரையை ஏற்றினால் மட்டும் போதாது. மதிப்பீட்டுக்குத் தயார் என்று குறிக்காவிட்டால் அது வரைவாகவே நின்றுவிடும், கெடு தாண்டியதும் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். நேரக் கணக்கைச் சரியாகப் போட்டவர்களும் இங்கே தவறுவதுண்டு. நிலை என்னவென்று தளத்தில் பாருங்கள், வந்த உறுதி மின்னஞ்சலைத் திறந்து படியுங்கள், ஏற்றிய பிடிஎஃப்பைத் தளத்திலிருந்தே மறுபடி இறக்கித் திறந்து கடைசிப் பக்கம் வரை ஓட்டிப் பாருங்கள். இதை 7 மணிக்குச் செய்தால், பழைய கோப்பை ஏற்றியிருப்பது தெரிந்தாலும் சரியானதை மறுபடி ஏற்ற இன்னும் 59 நிமிடம் கையில் இருக்கும்.